நம்ம பிராண்டோட வேலை செஞ்ச கிரியேட்டர் சர்ச்சையில மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?

ஒரு யூடியூபர் ஏதோ பேசி வம்புல மாட்டிக்கிட்டார்னு வைங்க. அடுத்த அரை மணி நேரத்துல அவர் வீடியோவுல வந்த எண்ணெய் கம்பெனி, துணிக்கடை, லோன் ஆப் எல்லாரோட கமெண்ட் பாக்ஸ்லயும் கூட்டம் நிக்கும், "இவனுக்குத்தான் காசு குடுக்கறீங்களா"ன்னு. அந்த நேரத்துல கம்பெனி முதலாளிக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் அட்வைஸ் வரும். ஒருத்தர் "உடனே தூக்கிடுங்க சார்"ம்பார், இன்னொருத்தர் "கண்டுக்காதீங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்"பார். நான் ஒரு சின்ன உணவுப் பொருள் கம்பெனிக்கு ஆறு வருஷமா சோஷியல் மீடியா பாத்துட்டு வர்றேன், இந்த ரெண்டு அட்வைஸையும் நம்பி கையை சுட்டுக்கிட்டவங்களை நிறையப் பாத்திருக்கேன். ரெண்டுமே பாதி உண்மைதான். எது எப்போ சரி வரும்னு புரியணும்னா, முதல்ல ஒரு கிரியேட்டருக்கும் ஒரு பிராண்டுக்கும் நடுவுல உண்மையில என்ன கைமாறுதுன்னு பாக்கணும்.

ஜாமீன் கையெழுத்து மாதிரி ஒரு உறவு

தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபைனான்ஸ்ல வண்டி வாங்கறார், நீங்க ஜாமீன் கையெழுத்து போடறீங்க. அவர் ஒழுங்கா தவணை கட்டற வரைக்கும் உங்க பேரு எங்கயும் வராது. அவர் ரெண்டு மாசம் கட்டலைன்னா ஃபைனான்ஸ்காரங்க நேரா உங்க வீட்டு வாசலுக்குத்தான் வருவாங்க. வண்டியை நீங்க ஓட்டலை, கடனையும் நீங்க வாங்கலை, ஆனா "இவரை நம்பலாம்"னு எழுதிக் குடுத்தது நீங்க.

பிராண்ட் கிரியேட்டருக்குப் பணம் குடுக்குது, கிரியேட்டர் அவரை நம்பற மக்களோட நம்பிக்கையில கொஞ்சம் பிராண்டுக்குக் கடனாக் குடுக்கறார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச பக்கம். தெரியாத பக்கம் என்னன்னா, பிராண்டும் அவருக்கு நம்பிக்கை குடுக்குது, "எங்க கம்பெனியே இவரைக் கூப்பிட்டிருக்கோம், இவர் சரியான ஆளு"ன்னு ஊருக்கு சொல்றோம். அதனாலதான் அவர் தப்பு பண்ணும்போது ஜனங்க நம்ம வாசலுக்கு வர்றாங்க. அவங்க கேக்கறது நியாயமான கேள்விதான், அதுல கோவப்பட எதுவும் இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. ஜாமீன்ல எவ்வளவு ரூபாய்க்குப் பொறுப்புன்னு பேப்பர்ல இருக்கும். இங்க அந்த எல்லையை யாரும் எழுதறது இல்லை, ஜனங்க நெனைக்கறதுதான் எல்லை. ஒரே ஒரு ரீல் பண்ணின கிரியேட்டருக்கும் மூணு வருஷமா பாக்கெட் மேல முகம் போட்டிருக்கற கிரியேட்டருக்கும் நம்ம பொறுப்பு ஒண்ணு இல்லை. இது பின்னாடி முடிவெடுக்கும்போது ரொம்ப முக்கியமா வரும்.

முதல் சில மணி நேரம்: நிறுத்தி வைக்கறது

நிறைய பேரு குழப்பிக்கற இடம் இதுதான். நிறுத்தி வைக்கறதும் உறவை முறிக்கறதும் வேற வேற. நிறுத்தி வைக்கறதுன்னா, புதுசா எந்தப் பணமும் எந்த விளம்பரமும் அவர் பேர்ல வெளிய போகாம தடுக்கறது, அவ்வளவுதான், அதுல தீர்ப்பு எதுவும் இல்லை. முறிக்கறதுன்னா ஒப்பந்தத்தையே முடிச்சுக்கறது. முதல் விஷயத்தை ஒரு மணி நேரத்துல பண்ணணும், ரெண்டாவதுக்கு அவசரமே கூடாது.

சரி, எதை நிறுத்தணும்? "அவர் போஸ்ட்டை"ன்னு சட்டுனு சொல்லிடுவோம். நாங்க அப்படி நெனைச்சுத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி மாட்டினோம். எங்களோட வேலை செஞ்ச ஒரு சமையல் கிரியேட்டர் லைவ்ல ஒரு ஊர்க்காரங்களைப் பத்தி ரொம்பக் கேவலமா பேசின க்ளிப் ஒம்பது மணிக்கு மேல சுத்த ஆரம்பிச்சது. அடுத்த நாளைக்குப் போட வெச்சிருந்த ரீலை எடுத்துட்டோம், நிம்மதியா தூங்கப் போனோம். காலையில எட்டு மணிக்கு எங்க சேல்ஸ் தம்பி போன் பண்றார், "அக்கா, கடைக்காரர் போனைக் காட்டறார், அதுல அந்த ஆளு நம்ம இட்லிப் பொடியைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சுட்டு இருக்கார், கீழ நம்ம பேரு இருக்கு"ன்னு. அது பார்ட்னர்ஷிப் ஆட். அதாவது கிரியேட்டரோட கணக்குப் பேர்லயே, பிராண்ட் காசு போட்டு ஓட்டற விளம்பரம். அதை எங்க ஏஜென்சி அவங்க ஆட்ஸ் மேனேஜர்ல இருந்து ஓட்டிட்டு இருந்தாங்க, எங்க போன்ல அது தெரியவே தெரியாது. ராத்திரி முழுக்க எங்க காசுல அவர் முகம் அந்த மாவட்டம் பூரா சுத்திருக்கு. விடியறதுக்குள்ள "இன்னும் காசு குடுத்துட்டுதான் இருக்காங்க"ன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டுட்டாங்க, அதுக்கு எங்ககிட்ட பதிலே இல்லை ஏன்னா அது உண்மை.

அதனால இப்போ நான் வெச்சிருக்கற வரிசை இதுதான். முதல்ல காசு போட்டு ஓடற விளம்பரங்கள், ஏஜென்சிக்காரங்களை நேரா போன்ல கூப்பிட்டு நிறுத்த சொல்லி, நிறுத்தினதுக்கு ஸ்கிரீன்ஷாட் கேக்கணும். அடுத்தது ஷெட்யூல் பண்ணி வெச்ச போஸ்ட், ஈமெயில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம். அப்புறம் அவர் பேர்ல இருக்கற கூப்பன் கோட், ஏன்னா அந்தக் கோட்ல வர்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் அவருக்குக் கமிஷன் போயிட்டு இருக்கும். கடைசியா நம்ம வெப்சைட்லயும் ஆன்லைன் கடைகள்லயும் பொருளுக்குப் பக்கத்துல இருக்கற அவர் படம், இதை எல்லாரும் மறந்துடுவாங்க.

யூடியூப் கொஞ்சம் தகராறு. அங்க விளம்பரம் வீடியோவுக்குள்ளயே பேசினதா இருக்கும், அதை நம்மளால எடுக்க முடியாது, அவர் எடுத்தாத்தான் உண்டு. யூடியூப் ஸ்டுடியோவுல எடிட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்ட வீடியோவுல இருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம், லிங்க்கும் வியூஸும் கமெண்ட்டும் அப்படியே இருக்கும். சர்ச்சை வந்தப்புறம் "வீடியோவை டெலீட் பண்ணுங்க"ன்னு கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, "எங்க 50 செகண்டை மட்டும் வெட்டிடுங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் பண்ணிடுவாங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. பழைய போஸ்ட்டை எல்லாம் சத்தமில்லாம அழிக்காதீங்க. ஜனங்ககிட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அழிச்சது தெரிஞ்ச நிமிஷத்துல கதை "கிரியேட்டர் தப்பு பண்ணார்"ல இருந்து "பிராண்ட் மறைக்குது"க்கு மாறிடும். அழிக்கறதா இருந்தா முடிவெடுத்து, வெளிய சொல்லி, அப்புறம் அழிக்கலாம். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தேதியோட சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, நாளைக்கு வக்கீல் கேப்பார்.

இதுவரைக்கும் பாத்தது இவ்வளவுதான்: நம்ம பேரை அவருக்குக் குடுத்ததால ஜனங்க நம்மகிட்ட கேக்கறாங்க, அதுக்கு முதல் வேலை காசும் விளம்பரமும் போற எல்லாக் குழாயையும் மூடறது. யாரையும் குத்தவாளின்னு சொல்றது இல்லை.

அப்புறம்: நடந்தது என்னன்னு பாக்கறது

குழாயை மூடினப்புறம் ஒருத்தர் உக்காந்து முழு வீடியோவைப் பாக்கணும். 20 செகண்ட் க்ளிப் இல்லை, முழுசு. எங்க விஷயத்துல முழுசா பாத்தப்போ க்ளிப்பை விட மோசமா இருந்தது, ஆனா இன்னொரு தடவை வேற ஒரு கிரியேட்டர் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லி "இப்படியும் பேசறாங்க பாருங்க"ன்னு திட்டினதை வெட்டி அவரே சொன்ன மாதிரி பரப்பிட்டாங்க, அன்னிக்கு அவசரப்பட்டிருந்தா ஒரு நல்ல பொண்ணோட பொழப்பைக் கெடுத்திருப்போம்.

பாக்கும்போது நான் மூணு கேள்விதான் கேக்கறது. இவர் உண்மையிலயே யாருக்காவது தீங்கு பண்ணினாரா, இல்லை இவரைப் பிடிக்காதவங்க இவர் யாருங்கறதுக்காகவே அடிக்கறாங்களா? இது முதல் கேள்வி, எல்லாத்தையும் விட பெருசு. அடுத்தது, நாங்க எந்த நம்பிக்கையை வெச்சு பொருளை விக்கறோமோ அதை இது தொடுதா? ஹெல்த் டிரிங்க் விக்கற கம்பெனியோட டாக்டர் கிரியேட்டர் போலி சர்டிபிகேட்டோட பிடிபட்டா அது நேரா நெஞ்சுல விழற அடி, அதே ஆளு பார்க்கிங் சண்டையில மாட்டினா அது வேற. மூணாவது, அவர் நிறுத்திட்டாரா இல்லை தொடர்ந்து பண்ணிட்டு இருக்காரா? மன்னிப்புக் கேட்டு அமைதியானவருக்கும், தினமும் காலையில எந்திரிச்சு இன்னொரு பதிவு போடறவருக்கும் ஒரே அளவு அவகாசம் குடுக்க முடியாது.

நெஜத்துல நடந்தது: அடிடாஸோட 19 நாள்

இந்த மூணாவது கேள்வியைத் தள்ளிப்போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு அடிடாஸ் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ராப் பாடகர் கான்யே வெஸ்ட், இப்போ பேரை யேன்னு மாத்திக்கிட்டவர், 2013ல அடிடாஸோட கை கோத்தார். ரெண்டு பேரும் சேந்து பண்ணின யீஸி ஷூ பெரிய வியாபாரம். இந்த அளவு உறவுல அவர் விளம்பர முகம் மட்டும் இல்லை, பொருளே அவரை வெச்சுத்தான்.

2022 அக்டோபர் 3ம் தேதி பாரிஸ்ல அவரோட ஃபேஷன் ஷோவுல, வெள்ளை இனவாதக் கும்பல்கள் பயன்படுத்தற ஒரு வாசகம் போட்ட டீஷர்ட் வந்தது. 6ம் தேதி அடிடாஸ் "இந்த உறவை மறுபரிசீலனை பண்றோம்"னு அறிவிச்சது. இதுவரைக்கும் சரி, இது நிறுத்தி வைக்கறதோட ஒரு வடிவம்தான். தப்பு எங்கன்னா, அந்தப் பரிசீலனை எப்போ முடியும்னு சொல்லலை. அதுக்கு அடுத்த சில நாள்ல அவர் யூதர்களுக்கு எதிரா வெறுப்புப் பதிவுகள் போட்டார், இன்ஸ்டாகிராமும் ட்விட்டரும் அவர் கணக்கை முடக்கினாங்க. அடிடாஸ் பேசலை. அவர் ஒரு பாட்காஸ்ட்ல போய், நான் யூதர்களுக்கு எதிரா என்ன வேணாலும் சொல்லலாம், அடிடாஸால என்னை விட முடியாதுங்கற அர்த்தத்துல பேசினார். அந்த நிமிஷத்துல அடிடாஸோட மௌனமே அவருக்கு ஒரு கேடயமா மாறிடுச்சு, அவங்க பேரையே வெச்சு அவர் சவால் விடறார். அப்பவும் பேசலை. 21ம் தேதி பலென்சியாகாங்கற ஃபேஷன் கம்பெனி விலகிடுச்சு. 22ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நெடுஞ்சாலை பாலத்து மேல ஒரு வெறுப்புக் கும்பல் அவரை ஆதரிச்சு பேனர் கட்டுச்சு. 25ம் தேதிதான் அடிடாஸ் முறிச்சுக்கிட்டோம்னு அறிவிச்சது.

6ல இருந்து 25 வரைக்கும் 19 நாள். ஒப்பந்தம் பெருசு, வக்கீல்கள் பாக்கணும், எல்லாம் புரியுது. ஆனா அந்த 19 நாள்ல "பணம் நிறுத்தி வெச்சிருக்கோம், அவர் பேசினதை நாங்க ஏத்துக்கலை, இன்ன தேதிக்குள்ள முடிவு சொல்றோம்"னு ஒரு மூணு வரி சொல்லியிருக்கலாம், அதுக்கு எந்த வக்கீலும் மாசக்கணக்கா யோசிக்க வேண்டியதில்லை. அதுவும் அடிடாஸை ஆரம்பிச்ச ஆடி டாஸ்லர் ஒரு காலத்துல நாஜிக் கட்சி உறுப்பினர். அந்தப் பழசு இருக்கற ஜெர்மன் கம்பெனிக்கு, நான் மேல சொன்ன ரெண்டாவது கேள்வி எவ்வளவு கூர்மையா இருந்திருக்கும்னு யோசிங்க.

கடைசியா வந்த அறிக்கை மட்டும் நல்லா இருந்தது, அதைப் பிரிச்சுப் பாக்கலாம். யூத வெறுப்பையும் எந்த வெறுப்புப் பேச்சையும் பொறுத்துக்க மாட்டோம்னு நேரா சொன்னாங்க, "சமீபத்திய நிகழ்வுகள்"னு மழுப்பலை. உறவு உடனே முடிஞ்சது, யீஸி தயாரிப்பு நிக்குது, அவருக்கும் அவர் கம்பெனிகளுக்கும் போற பணமும் நிக்குதுன்னு மூணு செயலைச் சொன்னாங்க. இதனால அந்த வருஷ நிகர லாபத்துல 25 கோடி யூரோ வரைக்கும் அடி விழும்னு அவங்களே சொன்னாங்க. ஏற்கனவே இருக்கற டிசைன்களோட உரிமை எல்லாம் எங்களோடதுன்னும் ஒரு வரி இருந்தது.

அந்தக் கடைசி வரியோட அருமை பின்னாடிதான் தெரிஞ்சது. கோடவுன்ல செஞ்சு வெச்ச யீஸி ஷூ ஏராளமா கிடந்தது, 2023 பிப்ரவரியில அதை விக்காம விட்டா சுமார் 120 கோடி யூரோ வருமானம் போகும்னு கணக்கு சொன்னாங்க. எரிக்க மனசு வரலை, சும்மா குடுத்தா வெளிய அதிக விலைக்கு வித்துடுவாங்கன்னு பயம். கடைசியில 2023 மே மாசத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வித்து, அதுல ஒரு பங்கை யூத வெறுப்புக்கும் இனவாதத்துக்கும் எதிரா வேலை செய்யற அமைப்புகளுக்குக் குடுத்தாங்க. முழுசா வித்துத் தீக்க 2024 கடைசி ஆயிடுச்சு. முறிக்கறது ஒரு நாள் வேலை, அதை சுத்தம் பண்ண ரெண்டு வருஷம். நம்ம அளவுல இதுவே அவர் முகம் அச்சடிச்ச 20,000 பாக்கெட் கவரா இருக்கும், ஆனா கேள்வி அதேதான்.

சுருக்கமா: நிறுத்தி வைக்கலாம், ஆனா தேதி சொல்லாம நிறுத்தி வெச்சா அந்த இடைவெளியை மத்தவங்க நிரப்பிடுவாங்க, சில சமயம் அந்தக் கிரியேட்டரே.

இன்னொரு பக்கம்: தப்பே பண்ணாதவரைக் கைவிடறது

முதல் கேள்வியைக் கேக்காம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு பட் லைட் பீர். 2023 ஏப்ரல் 1ம் தேதி டிலன் மல்வேனிங்கற திருநங்கை கிரியேட்டர் இன்ஸ்டாகிராம்ல ஒரு சின்ன ஸ்பான்சர் வீடியோ போட்டாங்க, கம்பெனி அவங்க முகம் போட்டு ஒரு கேன் அனுப்பியிருந்தது. அவங்க யாரையும் திட்டலை, யாரையும் ஏமாத்தலை. திருநங்கைங்கறதுக்காகவே அமெரிக்காவுல ஒரு பெரிய கூட்டம் பீரைப் புறக்கணிக்கக் கிளம்பிடுச்சு.

கம்பெனி ரெண்டு வாரம் கழிச்சு 14ம் தேதி ஒரு அறிக்கை விட்டது. மக்களைப் பிரிக்கற விவாதத்துல பங்கெடுக்கறது எங்க நோக்கமே இல்லைங்கற மாதிரி ஒரு வாசகம், மல்வேனி பேரே அதுல இல்லை. அப்புறம் மார்க்கெட்டிங் அதிகாரிகள் ரெண்டு பேர் லீவுல போனாங்க. கோவப்பட்டவங்க இதைப் பாத்து திரும்பி வரலை. அந்தப் பக்கம் திருநங்கை சமூகமும் அவங்க ஆதரவாளர்களும், நெருக்கடி வந்ததும் கை கழுவிட்டாங்கன்னு விலகிட்டாங்க. 20 வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல விற்பனையில முதல் இடத்துல இருந்த பீர் ரெண்டே மாசத்துல மொடேலோங்கற இன்னொரு பீர்கிட்ட அந்த இடத்தை விட்டுக்குடுத்தது. ஜூன் கடைசியில மல்வேனி ஒரு வீடியோவுல சொன்னாங்க, இவ்வளவு மிரட்டலுக்கு நடுவுலயும் கம்பெனி என்கிட்ட பேசவே இல்லைன்னு.

அந்த வீடியோவைப் பாத்தப்போ எனக்கு மனசு ரொம்ப கனத்துப் போச்சு. ஒரு போன் கால், "எப்படி இருக்கீங்க, உங்க கமெண்ட்ல வர்ற மிரட்டலை சமாளிக்க என்ன உதவி வேணும்"னு கேக்கற ஒரு போன் கால். தாக்கப்படறவர் பக்கம் தப்பு இல்லைன்னா பிராண்ட் பண்ண வேண்டியது "நாங்க அவங்களோட வேலை செஞ்சோம், அதுல எங்களுக்குப் பெருமை"ன்னு ஒரு தடவை தெளிவா சொல்லிட்டு, நம்ம பக்கத்துல வர்ற மிரட்டல் கமெண்ட்டை மறைச்சுட்டு, வேலையைப் பாக்கறது. விற்பனை அப்பவும் அடி வாங்கலாம், வாங்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு கூட்டத்தையும் ஒரே சமயத்துல இழக்க வேண்டி வராது.

வெளிய என்ன சொல்றது

முதல் நாள் போடறதுக்கு ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்னு பேரு, முடிவு வர்ற வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கற சின்ன அறிக்கை. அந்த ஞாயித்துக்கிழமை கூத்துக்கு அப்புறம் நாங்க திங்கக்கிழமை காலை பத்தரைக்குப் போட்டது இதுதான்: "நேத்து வெளிவந்த பேச்சை முழுசா கேட்டோம். அது எங்களுக்கு ஏற்புடையது இல்லை. ராத்திரி எங்க விளம்பரம் ஓடிட்டு இருந்தது எங்க தவறு, காலை 8.40க்கு நிறுத்திட்டோம். அவரோட பேசிட்டு வர்ற புதன்கிழமைக்குள்ள முடிவை இங்கயே சொல்றோம்."

நாலே வரி. இதுல அவர் குணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை, பேச்சைப் பத்தி மட்டும்தான், ஏன்னா ஆளை விமர்சிச்சா நாளைக்கு அவதூறுன்னு நோட்டீஸ் வரும், அது நியாயமும் இல்லை. நம்ம தப்பை நாமே முதல்ல சொல்லிட்டோம், அதனால அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு அப்புறம் பலம் போயிடுச்சு. இதைப் போடறதுக்கு அரை மணி முன்னாடியே சேல்ஸ் ஆளுங்களுக்கும் பெரிய கடைக்காரங்களுக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டோம், ஏன்னா கமெண்ட்ல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிடுவேன், கடை வாசல்ல கேக்கறவங்களுக்கு அந்தத் தம்பிதான் பதில் சொல்லணும். கமெண்ட்ல ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பதில் எழுதலை, இதையே பின் பண்ணி வெச்சோம். அவரையும் அறிக்கைக்கு முன்னாடியே போன்ல கூப்பிட்டு "இதைப் போடப் போறோம்"னு படிச்சுக் காட்டினோம். கத்தினார், ஆனா நியூஸ்ல பாத்து தெரிஞ்சுக்கலை. புதன்கிழமை சாயங்காலம் ஒப்பந்தம் முடிஞ்சதுன்னு சொன்னோம், அவர் மன்னிப்புக் கேக்க மறுத்துட்டார்.

இதெல்லாம் பண்ண பேப்பர்ல இடம் இருக்கணும்

முறிச்சப்புறம் பணம் திரும்பக் கேட்டோம், வரலை. ஒப்பந்தத்துல அதுக்கு வழியே இல்லை. பெரிய கம்பெனிகள் மாரல் கிளாஸ்னு ஒண்ணு போடுவாங்க, கிரியேட்டரோட நடத்தையால பிராண்ட் பேரு கெட்டா ஒப்பந்தத்தை முடிக்கலாம்ங்கற விதி. சின்ன கம்பெனிகள்ல பாதிப்பேர் வாட்ஸ்அப்ல ரேட் பேசி முடிச்சுடறோம், மீதிப்பேர் இன்டர்நெட்ல இருந்து எடுத்து "பிராண்டுக்கு அவப்பெயர் ஏற்படுத்தினால்"னு ஒரு வரி போடறோம். அந்த வரி ரொம்பப் பரந்தது. மல்வேனி மாதிரி தப்பே பண்ணாதவங்களையும் அதை வெச்சுத் தூக்கலாம், அதனால நல்ல கிரியேட்டர்கள் கையெழுத்து போடத் தயங்கறது எனக்குப் புரியுது.

நாங்க இப்போ ஒரு வக்கீலை வெச்சு மாத்தி எழுதிட்டோம். எந்தெந்த நடத்தைன்னு பேரு சொல்லியிருக்கோம்: ஜாதி, மதம், பாலினம், ஊரை வெச்சு இழிவா பேசறது, போலித் தகவல் சொல்லி விக்கறது, குற்ற வழக்குல சார்ஜ் ஷீட் ஆகறது. அடுத்தவங்க அவரைத் தாக்கறது மட்டுமே காரணம் ஆகாதுன்னு தனியா ஒரு வரி. பிராண்ட் எப்ப வேணாலும் 10 நாள் வரைக்கும் விளம்பரத்தை நிறுத்தி வைக்கலாம், அதுக்குக் காரணம் காட்ட வேண்டாம், ஆனா செஞ்ச வேலைக்கான சம்பளம் நிக்காது. யூடியூப்ல கேட்ட 24 மணி நேரத்துல எங்க பகுதியை வெட்டிக் குடுக்கணும். பணத்தை மொத்தமா முன்னாடியே குடுக்கறதை விட்டுட்டோம், பாதி போஸ்ட் போட்ட அன்னிக்கு, மீதி 30 நாள் கழிச்சு. கடைசியா, அவருக்கும் ஒரு வழி வெச்சிருக்கோம்: எங்க பொருள்ல கலப்படம்னு பிடிபட்டா, இதே மாதிரி அவரும் எங்களை விட்டுட்டுப் போகலாம், வாங்கின பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். போன மாசம் புதுசா கையெழுத்து போட்ட பொண்ணு மத்த பக்கத்தை எல்லாம் வேகமா புரட்டிட்டு, இந்த வரியில மட்டும் விரலை வெச்சு ரெண்டு தடவை படிச்சுட்டு, பேனா கேட்டாங்க.